65 சதவீதம் எதில் குறைந்தது? கேஸ் ஸ்டடியைத் திருத்தி எழுதும் முறை

விற்பனைப் பிரிவிலிருந்து வரும் கேஸ் ஸ்டடியின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“பல ஆண்டு அனுபவம் கொண்ட எங்கள் நிறுவனம் வாடிக்கையாளரின் வளர்ச்சியில் என்றும் அக்கறை கொண்டது. பினாங்கின் முன்னணி மசாலா மொத்த வியாபாரி ஒருவர் எங்கள் அதிநவீன ஆர்டர் மென்பொருளுக்கு மாறிய பிறகு தவறுகள் 65 சதவீதம் குறைந்தன. வேலையும் சுலபமானது. முதலாளி மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார்.”

இதைப் படிக்கப்போவது யார்? பட்டர்வொர்த்திலோ கிள்ளானிலோ அதே தொழில் செய்யும் இன்னொரு மொத்த வியாபாரி. அவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். அந்தக் கடையில் இருந்த தொல்லை என் கடையிலும் இருப்பதுதானா? நீங்கள் அங்கே போய் என்ன செய்தீர்கள்? அதனால் எவ்வளவு மிச்சமானது? மேலே உள்ள நான்கு வாக்கியங்களில் மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஓர் அரைப் பதில் இருக்கிறது. அந்த 65 சதவீதமும் எதிலிருந்து எதற்கு, எத்தனை நாளில் என்று தெரியாததால், சந்தையில் வாய்க்கு வந்த விலை சொல்வதுபோல் ஒலிக்கிறது.

இந்த வரைவைச் சிக்கல், செய்தது, விளைவு என்ற வரிசைக்குக் கொண்டுவருவது எப்படி என்று பார்ப்போம். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்ட ஒரு மசாலா மொத்தக் கடைதான் உதாரணம். கடையும் அதன் எண்களும் கணக்குப் பழக அமைத்தவை. பண்டிகைத் தேதிகளும் சட்ட விவரங்களும் உண்மையானவை.

முதலில் வரைவில் அடித்தல்

வரைவை அச்சிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் சி, செ, வி என்று ஓர் எழுத்துப் போடுங்கள். எந்த எழுத்தும் பொருந்தாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். “பல ஆண்டு அனுபவம்”, “அதிநவீன”, “மகிழ்ச்சி” எல்லாம் இங்கேயே போய்விடும். மிஞ்சுவது ஒரே ஒரு ‘வி’. ‘சி’ ஒன்றுகூட இல்லை. “மென்பொருளுக்கு மாறிய பிறகு” என்பதை ‘செ’ என்று எண்ணத் தோன்றும்; ஆனால் அது வாடிக்கையாளர் பணம் கட்டி வாங்கியதைத்தான் சொல்கிறது. கடைக்குள் என்ன மாறியது என்று அதில் இல்லை.

மிஞ்சியது கையளவுதான் என்று சோர வேண்டாம். இல்லாத தகவலை இனிதான் போய்க் கேட்கப்போகிறோம். வரிசை மாற்றுவது மட்டுமே வேலை என்று நினைத்து, இருக்கும் நான்கு வாக்கியங்களை மூன்று தலைப்புகளுக்குக் கீழே பிரித்துப் போடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. தலைப்பு வந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது.

எண்ணை எங்கே தேடுவது

படிப்பவர் சிக்கலிலிருந்து விளைவுக்குப் போவார். எழுதுபவர் விளைவிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். எந்த எண் மாறியது என்று தெரிந்தால்தான், அந்த எண் முன்பு எப்படி இருந்தது என்று சிக்கலில் எழுத முடியும். இரண்டு முனையிலும் அதே அளவுகோல் இருக்க வேண்டும். சிக்கலில் “ஊழியர்கள் தாமதமாக வீட்டுக்குப் போனார்கள்” என்று சொல்லிவிட்டு விளைவில் “தவறுகள் குறைந்தன” என்று முடித்தால், எடுத்த நூல் அறுந்துவிடும்.

வாடிக்கையாளரிடம் “எவ்வளவு முன்னேற்றம் வந்திருக்கு?” என்று கேட்டால், “நெறைய, பாதிக்குப் பாதி கொறைஞ்சிருச்சு” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி அப்படி. இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, சாமான் மாறிப்போய்த் திரும்பி வந்தா எதுல எழுதுவீங்க? அந்தப் புத்தகத்தப் பாக்கலாமா?”

நம் மசாலாக் கடையில் அது கிரெடிட் நோட்டாக இருக்கும். தவறான சரக்கு போய்விட்டால், கணக்குப் பிள்ளை பழைய இன்வாய்ஸின் தொகையைக் கழிக்க ஒரு கிரெடிட் நோட் போட்டு, சரியான சரக்கை அனுப்பப் புதிதாக ஒரு டெலிவரி ஆர்டர் எழுதி, வேனைத் திரும்ப அனுப்புவார். ஆகவே கிரெடிட் நோட்டுகளை எண்ணினால் தவறுகளை எண்ணியது மாதிரி. ஆனால் விலைக் குறைப்புக்கும் கெட்டுப்போன சரக்குக்கும் போட்ட கிரெடிட் நோட்டுகள் அதே கட்டில்தான் கிடக்கும். காரணம் எழுதியிருக்கும் வரியைப் படித்து அவற்றைத் தள்ளுங்கள். காரணம் எழுதாமல் விட்டவை சில இருக்கும். அவற்றை, மென்பொருள் வருவதற்கு முந்தைய காலம் பிந்தைய காலம் இரண்டிலும் ஒரே மாதிரி சேர்க்கவோ ஒரே மாதிரி விடவோ வேண்டும். முந்தைய காலத்தில் சேர்த்துவிட்டுப் பிந்தைய காலத்தில் விட்டால், மென்பொருள் செய்யாத வேலையை நம் பேனா செய்துவிட்டதாகிவிடும்.

தவறுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அதே காலத்தில் போன மொத்த ஆர்டர்களும் வேண்டும். கடைசி இன்வாய்ஸ் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் அது கிடைத்துவிடும். இடையில் ரத்தான இன்வாய்ஸ்களை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தை எந்த மாதத்தோடு வைப்பது

மலேசியாவில் இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். மசாலா வியாபாரத்தில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் நோன்பு மாதமும் சாதாரண மாதங்கள் அல்ல. ஆர்டர் குவியும், தற்காலிக ஆட்கள் வருவார்கள், தவறும் கூடும். அக்டோபரை ‘முன்பு’ என்றும் ஜனவரியை ‘பின்பு’ என்றும் வைத்தால், எந்த மென்பொருளும் இல்லாமலே தவறு குறைந்திருக்கும்.

போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் சரியாகிவிடும் என்றால், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. 2024இல் நோன்பு மார்ச் 12இல் தொடங்கியது, பெருநாள் ஏப்ரல் 10இல் வந்தது. 2025இல் நோன்பு மார்ச் 2இல் தொடங்கியது, பெருநாள் மார்ச் 31. ஆகவே ஏப்ரலை ஏப்ரலோடு வைத்தால், ஒரு பக்கம் பெருநாள் நெரிசல், மறுபக்கம் பெருநாள் முடிந்த அமைதி. தீபாவளியும் 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20.

இந்தக் கடைக்கு மே, ஜூன், ஜூலை மூன்றும் பொருந்தும். பெரிய பண்டிகை நெரிசல் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டு ஆண்டிலும் ஜூனிலேயே வந்தது. 2024இன் மூன்று மாதம் ‘முன்பு’, 2025இன் அதே மூன்று மாதம் ‘பின்பு’. ஒரே மாதத்தை வைத்து எழுதாதீர்கள். ஓட்டுநர் ஒருவர் ஒரு வாரம் விடுப்பில் போனாலே ஒரு மாதத்தின் எண் ஆடிப்போகும்.

எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது இது. 2024இல் 3,480 ஆர்டர், 209 தவறு. 2025இல் 3,910 ஆர்டர், 74 தவறு.

வரைவில் இருந்த 65 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது: 209 என்பது 74 ஆனதால் வந்தது. கணக்கு சரிதான், ஆனால் அது ஆர்டர் கூடியதைக் கண்டுகொள்ளவில்லை. விகிதமாகப் பார்த்தால் 6.0 சதவீதம் 1.9 சதவீதமாகியிருக்கிறது. இதை “4.1 சதவீதம் குறைந்தது” என்று எழுதினால் பிழை, அது 4.1 சதவீதப் புள்ளி. “68 சதவீதம் குறைந்தது” என்றால் கணக்குப்படி சரி, ஆனால் படிப்பவருக்கு மீண்டும் எதிலிருந்து எதற்கு என்று தெரியாது. “முன்பு 100 ஆர்டரில் 6 தவறின, இப்போது 2” என்று எழுதுங்கள். கடைக்காரர் தன் கடையை நினைத்து உடனே ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இது நம்மால்தான் நடந்ததா?

முதலாளியிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: “இந்த ஒரு வருஷத்துல கடையில வேற என்ன மாறுச்சு?” நம் கடையில், பொட்டலம் கட்ட 2025 பிப்ரவரியில் ஓர் ஆள் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறார். அப்படியானால் தவறு குறைந்தது மென்பொருளாலா, அந்த ஆளாலா?

இதை மறைக்கத் தேவையில்லை. தவறுகளை வகை பிரித்தால் விடை பாதி தெரிந்துவிடும். கிரெடிட் நோட்டின் காரண வரியை வைத்து மூன்றாகப் பிரியுங்கள். சரக்கே மாறிப்போனது 131இலிருந்து 22 ஆகியிருக்கிறது. எண்ணிக்கை கூடிக் குறைந்தது 52இலிருந்து 29. வேறு கடைக்கு இறக்கிவிட்டது 26இலிருந்து 23.

கூடுதல் ஆளால் வேலைப் பளு குறைந்துதான் எல்லாம் சரியானது என்றால், சரக்கு மாறுவதும் எண்ணிக்கை தவறுவதும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் அதே மேசையில் நடக்கும் வேலை. ஆனால் சரக்கு மாறுவதுதான் மிக அதிகமாக விழுந்திருக்கிறது. மென்பொருளோடு வந்த பார்கோடு ஸ்கேனர் பிடிக்கக்கூடிய தவறு அதுதான். வேனில் ஏற்றும்போது ஸ்கேன் செய்வதில்லை, அதனால் வேறு கடைக்கு இறக்குவது அப்படியே இருக்கிறது. இது முழு நிரூபணம் இல்லை. ஆனாலும் “தவறுகள் குறைந்தன” என்பதைவிடப் பலமான சான்று. விளைவில் குறையாத எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்வது இதனால்தான். அதைப் பார்த்த பிறகே படிப்பவர் மற்ற எண்களை நம்பத் தொடங்குவார்.

செய்ததை எழுதுவது

நடுப்பகுதி மென்பொருளின் வசதிப் பட்டியலாக மாறிவிடும் ஆபத்து அதிகம். ஒரே சோதனை போதும்: எந்த வேலையை எடுத்துவிட்டால் விளைவின் எண் மாறியிருக்காதோ அந்த வேலை இங்கே வேண்டாம். மென்பொருளில் 14 வகை அறிக்கைகள் வரலாம். சீரகத்துக்குப் பதில் சோம்பு போனதை அவற்றில் ஒன்றும் தடுக்கவில்லை.

தடுத்தது எது? ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் தமிழிலும் மலாயிலும் கலந்து வருகின்றன. “ஜிந்தான் 5 கிலோ” என்று வந்தால் அது ஜிந்தான் பூத்தேயா, ஜிந்தான் மானிஸா? முன்னது சீரகம், பின்னது சோம்பு. முன்பு எழுதுபவர் தன் ஊகத்தில் எழுதினார். இப்போது மென்பொருள் இரண்டையும் காட்டும். கடைக்காரரைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ஆர்டர் பதியாது. இரண்டாவது மாற்றம் பொட்டலம் கட்டும் மேசையில். 412 வகைச் சரக்குக்கும், 500 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் தனித்தனியாக, பார்கோடு ஒட்டப்பட்டது. பட்டியலில் இல்லாத பொட்டலத்தை ஸ்கேன் செய்தால் கருவி கத்தும். எண்ணிக்கைத் தவறு பாதியளவே குறைந்ததற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது: பத்துப் பொட்டலம் என்றால் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து, பத்து என்று கையால் தட்டிவிடுகிறார்கள்.

தேதிகளையும் போடுங்கள். பெருநாள் முடிந்து 2025 ஏப்ரல் 7இல் வேலை தொடங்கியது, பார்கோடு ஒட்டி முடிக்க 16ஆம் தேதி ஆனது, 17இலிருந்து ஸ்கேன் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் தவறு கூடியது: 520 ஆர்டரில் 41, அதாவது 100க்கு ஏறக்குறைய 8. உதிரியாக நிறுத்துக் கட்டிய பொட்டலங்களில் பழைய ஒட்டிகள் மாறிக் கிடந்தன. அந்த இரண்டு வாரத்தை மூன்று மாதக் கணக்கில் சேர்க்காதது நியாயம். சேர்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வாங்கப்போகிறவருக்கு இது பயனுள்ள தகவலும்கூட, ஏனென்றால் அந்த இரண்டு வாரத்துக்கு அவர் ஆள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ரிங்கிட் கணக்கில் நிதானம்

விளைவில் பணம் வர வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தவறு ஒன்றுக்கு வேன் திரும்பப் போய்வர 50 நிமிடம். ஓட்டுநருக்கு மாதம் 2,400 ரிங்கிட், உதவியாளருக்கு 1,800. மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால், இருவருக்கும் சேர்த்து மணிக்குச் சுமார் 20 ரிங்கிட் 20 சென். 50 நிமிடத்துக்கு 17 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. டீசல் முதலிய செலவு 7. ஆக ஒரு தவறுக்கு 24 ரிங்கிட். குறைந்த தவறுகள் 135, ஆகவே மூன்று மாதத்தில் 3,240 ரிங்கிட் மிச்சம். மென்பொருள் வாடகை மாதம் 450, மூன்று மாதத்துக்கு 1,350. “போட்ட பணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம்!” என்று எழுதக் கை பரபரக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். வேன் திரும்பப் போகாவிட்டாலும் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் அதே மாதச் சம்பளம்தான். மிகைநேரக் கூலி குறைந்திருந்தால் ஒழிய, அந்த 17 ரிங்கிட் முதலாளியின் கையில் மிஞ்சவில்லை. நிச்சயமாக மிஞ்சியது டீசல் மட்டும்: 135 முறை 7 என்றால் 945 ரிங்கிட். அது வாடகைக்கே போதாது. ஸ்கேனர், ஒட்டி அச்சடிக்கும் கருவி, தொடக்கப் பணிக்குக் கட்டிய 6,800 வேறு இருக்கிறது. தொழில் தெரிந்த வாசகர் இதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

உண்மையில் மிஞ்சியது நேரம். 135 முறை 50 நிமிடம் என்றால் 112 மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நம் கடையில் அதே இரண்டு வேன்கள், அதே ஆட்களோடு, முந்தைய ஆண்டைவிட 430 ஆர்டர் கூடுதலாகக் கொண்டுபோயிருக்கின்றன. சம்பளச் சீட்டுகளைப் பார்த்தால் ஓட்டுநர்களின் மிகைநேரம் கூடவில்லை. எழுத வேண்டிய விளைவு இதுதான். ஆர்டர் கூடியதே மென்பொருளால்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூடிய ஆர்டரைப் பழைய வேன்களே தாங்கின என்பது வரைதான் நம் கையில் சான்று இருக்கிறது.

திருத்திய வடிவம்

*100 ஆர்டரில் 6 தவறிய இடத்தில் 2: பினாங்கு மசாலா மொத்தக் கடை ஒன்றில்*

*சிக்கல்: 2024 மே முதல் ஜூலை வரை இந்தக் கடையிலிருந்து போன 3,480 ஆர்டரில் 209 தவறாகப் போய், வேன் திரும்ப ஓட வேண்டியிருந்தது. அவற்றில் 131இல் சரக்கே மாறியிருந்தது. சீரகம் கேட்டவருக்குச் சோம்பு போனது. ஒவ்வொரு தவறுக்கும் ஓட்டுநரும் உதவியாளரும் 50 நிமிடம் இழந்தார்கள்.*

*செய்தது: 2025 ஏப்ரல் 7 முதல் 16 வரை 412 சரக்குக்கும் எடை வாரியாகப் பார்கோடு ஒட்டினோம். ஆர்டரைப் பதியும்போதே சரக்கின் முழுப் பெயரைத் தேர்ந்தெடுப்பதும், கட்டும்போது ஸ்கேன் செய்வதும் கட்டாயமாயின. முதல் இரண்டு வாரம் பழைய ஒட்டிகளால் தவறு 100க்கு 8 ஆனது; அந்த நாட்கள் கீழுள்ள கணக்கில் இல்லை.*

*விளைவு: 2025 மே முதல் ஜூலை வரை 3,910 ஆர்டரில் 74 தவறு. சரக்கு மாறியவை 131இலிருந்து 22 ஆகின. வேறு கடைக்கு இறக்கியவை 26, இப்போது 23. வேனில் ஏற்றும்போது இன்னும் ஸ்கேன் இல்லை. பிப்ரவரியில் பொட்டலம் கட்ட ஒருவர் கூடுதலாகச் சேர்ந்தார். இரண்டு வேன்களும் மிகைநேரம் கூடாமல் 430 ஆர்டர் அதிகம் கொண்டுபோயின. செலவு: தொடக்கத்தில் 6,800 ரிங்கிட், மாதம் 450.*

“முன்னணி” என்ற சொல் போனதையும், தலைப்பிலேயே விளைவின் எண் வந்துவிட்டதையும் கவனியுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவரும் வெறுங்கையோடு போகமாட்டார்.

முதலாளியின் சம்மதம்

எழுதி முடித்ததை முதலாளிக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதை நம்ப வேண்டாம். எந்த வடிவத்துக்குச் சம்மதித்தார் என்று பிறகு சொல்ல முடியாது. அவர் பெயர், படம், சொன்ன வார்த்தை எதையாவது போட்டால், அது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் வரக்கூடியது. ஓட்டுநர்களின் சம்பளமும் அப்படித்தான். கணக்குப் போட அது தேவைப்பட்டது, ஆனால் மேலே திருத்திய வடிவத்தில் அது இல்லை.

“ஆர்டர் எத்தனைன்னு போடாதீங்க தம்பி, பக்கத்துக் கடைக்காரன் பாப்பான்” என்று அவர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. 3,480, 209, 3,910, 74 நான்கையும் எடுத்துவிட்டு, 100க்கு 6, 100க்கு 2 என்ற விகிதத்தை மட்டும் வையுங்கள். 430 என்பதை “எட்டில் ஒரு பங்கு கூடுதல்” என்று மாற்றலாம். காலத்தையும் தவறின் வகைகளையும் விட்டுக்கொடுக்காதீர்கள். விகிதத்தையும் போட வேண்டாம் என்றால், அந்தக் கடையை விட்டுவிட்டு, எண்ணைக் காட்டச் சம்மதிக்கும் இன்னொரு வாடிக்கையாளரைத் தேடுவது மேல்.